ஒரே வேகத்தில் ஒருவன் கதைக்கிறான், மற்றவன் இளைக்கிறான்

கேள்வி: முல்லைத்தீவில இருந்து எழுதுறன் ஐயா. தம்பிக்கு 17 வயசு, பள்ளிக்கூடத்தில 5000 மீற்றர் ஓடுறவன். சிநேகிதனோட ஒரே வேகத்தில ஓடினால் அவன் கதைச்சுக்கொண்டு வாறான், இவனுக்கு இளைக்குது. ஒருத்தர் காபன் தகடு வைச்ச சப்பாத்து 48,000 ரூபாய்க்கு எடுத்துத் தாறன் எண்டுறார். வாங்கலாமோ?

பதில்: வாங்காதீர்கள். உலக மெய்வல்லுநர் விதிப்படி 2024 நவம்பரிலிருந்து மைதான ஓட்டங்களில் சப்பாத்தின் அடி 20 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. இந்தத் தகட்டுச் சப்பாத்துகளில் பெரும்பாலானவை வீதி ஓட்டத்துக்குச் செய்தவை. அங்கே 40 மில்லிமீற்றர் வரை விடுவார்கள். விதி பார்க்கிற நடுவரிடம் தம்பி மாட்டினால், கொண்டுவந்து தந்தவர் வந்து நிற்கமாட்டார். போலி என்றால் கதை இன்னும் மோசம். மிதித்த சக்தியைத் திருப்பித் தருவதில் பெரிய பங்கு தகட்டைச் சுற்றியுள்ள விசேட நுரைக்குத்தான், தகட்டுக்கு அல்ல. போலியில் தகடு இருக்கும், அந்த நுரை இராது.

இனி இளைப்புக்கு வருவோம். இருவரும் கிலோமீற்றருக்கு 5 நிமிட வேகத்தில் ஓடுகிறார்கள் என்று வைப்போம். சிநேகிதனின் உடல் ஒரு கிலோமீற்றருக்கு, நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 200 மில்லிலீற்றர் ஒட்சிசன் செலவழிக்கிறது; தம்பியினது 220. அப்படியானால் நிமிடத்துக்கு அவனுக்கு 40, இவனுக்கு 44. இருவரின் உடலாலும் எடுக்க முடிந்த உச்ச அளவு 55 என்றால், சிநேகிதன் உச்சத்தின் 73 சதவீதத்தில் ஓடுகிறான், தம்பி 80 சதவீதத்தில். நெஞ்சு ஒன்றுதான், கால்தான் வீண்செலவு செய்கிறது. இதை ஓட்டச் சிக்கனம் என்பார்கள்.

இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி பிறப்போடு வருவது. கெண்டைக்கால் மெலிந்தவனுக்கு ஒவ்வோர் எட்டிலும் வீசி எடுக்க வேண்டிய பாரம் குறைவு. சப்பாத்திலும் அதே கணக்குத்தான்: ஒரு சப்பாத்தில் 100 கிராம் கூடினால் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். தம்பியின் பழைய சப்பாத்தைக் கடைத்தராசில் வைத்துப் பாருங்கள். 350 கிராம் காட்டினால், 230 கிராமில் சாதாரணமான ஒன்றை வாங்கினாலே போதும்.

மறுபகுதி குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாணில் இருக்கிறது. அது விறைப்பாக இருந்தால் கால் நிலத்தில் படும்போது சக்தியைப் பிடித்துவைத்து, உந்தும்போது திருப்பித் தரும். தசைக்கு வேலை குறையும். இது பழகப் பழக வரும், ஆனால் மெதுவாக. பிரித்தானிய மரதன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபின் உச்ச ஒட்சிசன் அளவு ஆண்டுக்கணக்காகப் பெரிதாக மாறவில்லை. மாறியது சிக்கனம்: 1992 முதல் 2003 வரை சுமார் 15 சதவீதம். நம் பிள்ளைகளுக்கோ வலயப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் மைதானம் நினைவுக்கு வருகிறது. அந்த மூன்று கிழமையும் வாந்தி எடுக்கும்வரை ஓடவிட்டு, "எட்டை நீட்டி வை" என்று கத்துவார்கள். எட்டை வலிந்து நீட்டினால் பாதம் முழங்காலுக்கு முன்னே போய் விழும். ஒவ்வோர் அடியும் தடை பிடித்ததுபோலாகி, செலவு கூடும்.

இதற்கெல்லாம் முன்னர் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரத்தச்சோகை உள்ள பிள்ளையும் இப்படித்தான் இளைப்பான். அவனுடைய காலில் குற்றமே இராது. அரசாங்க வைத்தியசாலையில் முழு இரத்தக் கணிப்புக் கேளுங்கள். 17 வயது ஆண்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் கீழே இருந்தால் வைத்தியர் காரணம் தேடுவார். இரும்புக் குறைவாகவும் இருக்கலாம், தலசீமியாக் கடத்தியாகவும் இருக்கலாம். இரண்டிலும் செங்குருதிக் கலம் சிறுத்தே தெரியும், மருந்து மட்டும் ஒன்றல்ல. அதனால் மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். "ஒட்சிசன் கூட்டும்" என்று டப்பாவில் மா விற்கிறவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

இரத்தம் சரியென்றால் கிழமைக்கு இரண்டு நாள், இலகு ஓட்டத்துக்குப் பிறகு இதைச் செய்யட்டும். முழங்காலை அதிகம் மடக்காமல் கணுக்காலால் துள்ளல், 10 தடவையாக மூன்று சுற்று. ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்தல், காலுக்கு 12 ஆக மூன்று சுற்று. வன்னியில் மேடு இல்லை என்று விடாதீர்கள், குளக்கட்டுச் சரிவு இருக்கிறது. அதில் 8 விநாடி வேகமாக ஏறி, நடந்து இறங்கட்டும், ஆறு தடவை. மறுநாள் காலை கட்டிலால் இறங்கி வைக்கிற முதல் அடிகளில் அந்த நாண் நொந்தால், துள்ளலை ஒரு கிழமை நிறுத்துங்கள்.

பலனைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. விடியற்காலை 5.30க்கு, அதே பாதையில், கிலோமீற்றருக்கு 6 நிமிட வேகத்தில் 8 நிமிடம் ஓடி, நின்றவுடன் 15 விநாடிக்கு நாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். நெஞ்சு பலப்பட்டாலும் இந்த எண் இறங்கும், ஆகையால் இது சிக்கனத்தை மட்டும் காட்டாது. இறங்குகிறதா என்பதே நமக்கு வேண்டும். வெயில் ஏறிய பிறகு எண்ணினால் நாடி தானாகவே கூடும், அந்த நாளின் கணக்கை விட்டுவிடுங்கள். பத்துக் கிழமைக்கு முன்னர் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.