கூற்று–காரணம் வினாக்களில் ‘சரியான விளக்கம்’ என்பதை எப்படி முடிவு செய்வது?

கூற்று, காரணம் இரண்டுமே சரியாக இருக்கின்றன. காரணம் கூற்றை விளக்குகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூற்றில் சொன்னது ஏன் நடக்கிறது என்பதற்கு அந்தக் காரணமே விடையாக இருந்தால்தான் அது விளக்கம். மழைக்காகக் குடை எடுத்துப்போகிறவரிடம் ஏன் என்று கேட்டால், “குடை எடை குறைவு” என்பது உண்மைதான், ஆனால் விடை அல்ல.

ஒரு வினா:

கூற்று: சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் வைக்கிறோம்.
காரணம்: சோடியம் மண்ணெண்ணெயைவிட அடர்த்தி மிக்கது.

முதலில் காரணத்தை மறைத்துவிட்டுக் கூற்றை மட்டும் சரிபாருங்கள், சரி. பிறகு காரணத்தைத் தனியாகப் பாருங்கள். சோடியத்தின் அடர்த்தி சுமார் 0.97, மண்ணெண்ணெய்க்குச் சுமார் 0.8 கிராம்/செ.மீ³. அதுவும் சரி.

இப்போது காரணத்தை வேறொரு பொருளுக்குப் பொருத்துங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரும்பும் மண்ணெண்ணெயைவிட அடர்த்தி மிக்கது, ஆனால் அதை மண்ணெண்ணெயில் வைப்பதில்லை. ஆக, அடர்த்தி விளக்கம் அல்ல. சோடியம் மிதக்காமல் மூழ்கிக் கிடப்பதை மட்டுமே அது விளக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சோடியம் விரைவாக வினைபுரியும் என்பதே உண்மையான காரணம். விடை: இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை.

கூற்றில் வரும் அதே பொருள்கள் காரணத்திலும் வந்தால் அது விளக்கம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வினாவில் சோடியம், மண்ணெண்ணெய் இரண்டுமே வருகின்றன, ஆனாலும் அது விளக்கமாகவில்லை.