பின்வாசல் வழியாகப் போகாதீர்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகனுக்கு நாலரை வயது. இருட்டு என்றால் அப்படி ஒரு பயம். என் நைட்டியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். தூங்கியதும் மெதுவாகக் கையை எடுத்துவிட்டு எங்கள் ரூமுக்கு வந்துவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "அம்மா எங்கே, அம்மா எங்கே" என்று அழுதுகொண்டே ஹாலைத் தாண்டி வந்து கதவைத் தட்டுகிறான். சின்ன வயதிலிருந்தே இவன் பயந்த சுபாவம். ஒன்பது மாதத்தில் என் சித்தியைப் பார்த்தால்கூட வீறிட்டு அழுவான். நான் வேலைக்குக் கிளம்பினாலும் அழுகைதான், அதனால் இன்றைக்கு வரைக்கும் அவன் டிவி பார்க்கும்போது பின்வாசல் வழியாகத்தான் போகிறேன். "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா" என்று இவர் திட்டுகிறார். காற்று கருப்பு அடித்திருக்கும், மந்திரிக்கலாம் என்கிறார் மாமியார். பெரியவளுக்கு 11 வயது, அவளும் வகுப்பில் எழுந்து வாசிக்க மாட்டாள், யாராவது ஏதாவது கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இருட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பின்வாசலைப் பற்றிப் பேச வேண்டும். போகிற போக்கில் ஒரு வரியாக அதை எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டி மேலே படிக்கவே முடியவில்லை.

ஒன்பது மாதத்தில் அவன் உங்கள் சித்தியைப் பார்த்து அழுதது பயந்த சுபாவத்தால் இல்லை. நாலைந்து மாதக் குழந்தை யார் தூக்கினாலும் சிரிக்கும். ஏழெட்டு மாதம் ஆகும்போதுதான் இது தெரிந்த முகம், இது தெரியாத முகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிகிறது, அப்போதுதான் புது முகத்தைக் கண்டு அழுகையும் வருகிறது. ஒரு வயதை ஒட்டி அது உச்சத்துக்குப் போய், இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். கிட்டத்தட்ட அதே சமயத்தில் இன்னொன்றும் புரிய ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிகிறது, ஆனால் திரும்பி வருவாள் என்பது தெரிவதில்லை. அது ஒவ்வொரு நாளும் நீங்கள் போய்விட்டு வந்து, போய்விட்டு வந்துதான் அவனுக்குப் புரிய வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்குள் ஓரளவு புரிந்துவிடுகிற இந்தப் பாடம் உங்கள் மகனுக்கு நாலரை வயதிலும் பாதியில் நிற்கிறது, ஏனென்றால் நீங்கள் போவதையே அவன் பார்த்ததில்லை. டிவியிலிருந்து தலையைத் திருப்பினால் அம்மா இல்லை. இதிலிருந்து அவன் என்ன தெரிந்துகொண்டிருப்பான்? கொஞ்சம் அசந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள், அதனால் அசரக் கூடாது என்பதைத்தான். அவன் அழுகையை நீங்கள் கேட்காமல் தப்பித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு அவன் அழுதுகொண்டுதான் இருந்திருப்பான்.

இப்போது ராத்திரிக்கு வாருங்கள். உங்கள் நைட்டியை அவன் ஏன் கையில் சுற்றிக்கொள்கிறான்? நீங்கள் எழுந்து போனால் அவனுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். நாலரை வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த காவல் அது. அதையும் நீங்கள் விரல் விரலாக விடுவித்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். தூக்கத்தில் நாம் எல்லோருமே ஒரு ராத்திரியில் பல தடவை அரைகுறையாக விழிக்கிறோம், புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம், காலையில் ஞாபகம் இருப்பதில்லை. சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான். தூங்கப்போகும்போது இருந்தது எல்லாம் அப்படியே இருந்தால் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள். தூங்கும்போது கைக்குள் இருந்த அம்மா விழிக்கும்போது இல்லையென்றால் தூக்கம் முழுசாகக் கலைந்துவிடும். இரண்டு மணிக்கு நடப்பது இதுதான். இருட்டு பயம் அவனுக்கு இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை கற்பனை வளர்கிற வேகத்துக்கு, எது நிஜம் எது கற்பனை என்று பிரிக்கிற புத்தி வளர்வதில்லை, ஆணியில் தொங்குகிற சட்டை ஆளாகத் தெரிகிற வயது அது. ஆனால் அவன் "பூதம் வருது" என்று கத்தவில்லை, "அம்மா எங்கே" என்று கேட்கிறான். அத்தனை பயப்படுகிற இருட்டுக்குள் இறங்கி ஹாலைத் தாண்டி நடந்து வருகிறான். இருட்டைவிடப் பெரிய பயம் ஒன்று அவனை நடக்க வைக்கிறது.

(தூங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் அலறி, காலையில் எதுவுமே ஞாபகம் இல்லாத பிள்ளைகளும் உண்டு. அது வேறு, அப்போது உலுக்கி எழுப்பாமல் பக்கத்தில் இருந்து விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் மகன் தெளிவாக விழித்து உங்களைத் தேடி வருகிறான், ஆகையால் அது இல்லை.)

நாளைக் காலையிலிருந்து முன்வாசல் வழியாகப் போங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவன் எதிரில் உட்கார்ந்து, "அம்மா வேலைக்குப் போறேன்" என்று சொல்லுங்கள். ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லாதீர்கள், மணி அவனுக்குத் தெரியாது. "நீ பால் குடிச்சிட்டு, விளையாடிட்டு வந்து கைகால் கழுவினதும் அம்மா வந்துடுவேன்" என்று அவன் நாளை வைத்தே சொல்லுங்கள். அழுவான். முதல் வாரம் இன்றைக்கு அழுவதைவிட அதிகமாகவே அழுவான். அவனை வைத்துக்கொள்கிறவரிடம் கொடுத்துவிட்டு, டாட்டா சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பத் திரும்ப வந்து சமாதானம் செய்யாதீர்கள். சொன்ன நேரத்துக்கு வர முடியாமல் போனால் போன் போட்டு அவனிடமே சொல்ல வேண்டும், வீட்டில் இருக்கிறவரிடம் சொல்லி வைத்தால் போதாது.

ராத்திரிக்கும் இதே முறைதான், படிப்படியாக. படுக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "நீ தூங்கினப்புறம் அம்மா அந்த ரூமுக்குப் போவேன், நீ கூப்பிட்டா வருவேன்." பிறகு அவன் விழித்திருக்கும்போதே, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய், இரண்டே நிமிடத்தில் திரும்பி வாருங்கள். அவன் கூப்பிடுவதற்கு முன்னால் வர வேண்டும், இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பிள்ளை சத்தமில்லாமல் படுத்திருக்கிறானே என்று அங்கேயே பாத்திரம் கழுவ நின்றுவிடுவார்கள், அவன் அழுத பிறகு ஓடி வருவார்கள், அழுதால்தான் அம்மா வருவாள் என்று அவன் முடிவு செய்துவிடுவான். மூன்று நான்கு ராத்திரி இரண்டு நிமிடம் பழகிவிட்டால் ஐந்தாக்குங்கள், அப்புறம் பத்து. ஒருநாள் நீங்கள் திரும்பி வருவதற்குள் அவனே தூங்கியிருப்பான். அன்றைக்குத்தான் கைக்குள் நீங்கள் இல்லாமல் முதல் தடவை தூங்கியிருப்பான், இரண்டு மணி அழுகை குறைவதும் அதற்குப் பிறகுதான். நடுவில் காய்ச்சலோ ஊருக்குப் போய் வந்ததோ பழையபடி ஆக்கிவிட்டால் ஒரு படி கீழே இறங்கி மறுபடி தொடங்குங்கள். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் எழுதி வைத்திருக்கிறார், முயலைக் கண்டால் நடுங்கிய மூன்று வயதுகூட ஆகாத ஒரு பையனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து, கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்கிற அளவுக்குப் பழக்கியதை. இடையில் ஒரு பெரிய நாயைப் பார்த்து மிரண்டு அவன் பயம் திரும்ப வந்துவிட்டது, அவர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். இன்றைக்கும் மருத்துவர்கள் செய்வது இதே வழியில்தான்.

இன்னொன்று, நாலரை வயதில் தனி ரூம் கட்டாயம் என்று யாரும் விதி போடவில்லை. பாட்டி, அத்தை, பிள்ளைகள் என்று ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள் நாம். உங்கள் ரூமிலேயே ஒரு மெத்தை போட்டுப் படுக்க வைத்தால் அவன் கெட்டுப்போக மாட்டான். எதைச் செய்தாலும் அவனுக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், தினமும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

உங்கள் கணவருக்கு: ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா என்று கேட்கிற நேரத்தில், இரண்டு மணிக்கு அவன் அழும்போது நீங்கள் எழுந்து போங்கள். திட்டினால் பயம் போகாது, பயத்தை வெளியே சொல்லும் பழக்கம்தான் போகும். பிள்ளையைத் தூங்க வைப்பது அம்மா வேலை என்று யார் எழுதி வைத்தது? அந்த இரண்டு நிமிடக் கணக்கை வாரத்தில் பாதி நாள் நீங்கள் செய்ய வேண்டும், அம்மா ஒருத்தியைத்தான் நம்பலாம் என்று அவன் நினைப்பதும் இதில் சேர்ந்த சிக்கல்தான்.

மாமியார் திருநீறு பூசட்டும், தடுக்காதீர்கள், பாட்டி கை நெற்றியில் பட்டால் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் காற்று கருப்பு என்ற பேச்சு அவன் காதில் விழக் கூடாது. இதுவரை அவனுக்குப் பேய் பயம் வரவில்லை, பெரியவர்களே பேய் இருக்கிறது என்று சொன்னால் அதுவும் வந்து சேரும். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தோடு குனிந்து பேயை விரட்டி விளையாடுவதும் வேண்டாம், விரட்டுகிறார்கள் என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பெரியவளிடமும் நீங்கள் செய்வது அந்தப் பின்வாசல் வேலைதான். அவள் வயதில் இருட்டு பயம் பெரும்பாலும் போய்விடும், அடுத்தவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதை யோசிக்கத் தெரிந்துவிடுகிறது, அதனால் வகுப்பில் எழுந்தால் நாற்பது கண்கள் தன்மேல் என்று தோன்றும். அது வயதுக்குரிய பயம். யாராவது "என்ன படிக்கிற?" என்று கேட்டதும் "ஆறாவது படிக்கிறா" என்று நீங்கள் முந்திக்கொள்கிறீர்களே, அதில்தான் அவள் தான் பேச லாயக்கில்லை என்று கற்றுக்கொள்கிறாள். வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் பத்து எண்ணுங்கள், சங்கடமாகத்தான் இருக்கும், இருங்கள். தெருக்கடையில் பால் பாக்கெட்டை அவளே கேட்டு வாங்கட்டும். அது பழகியதும் அத்தைக்கு அவளே போன் செய்யட்டும். அதற்கப்புறம் ஆசிரியரிடம் பேசி, முதல்நாளே சொல்லிவைத்த ஒரு பத்தியை மட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசிக்க வைக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்று வாசிப்பதெல்லாம் அடுத்த படி.

டாக்டரைப் பற்றிக் கேட்டீர்கள். மகனுக்கு இதை ஒழுங்காக ஒரு மாதம் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால், அல்லது நீங்கள் போனால் வாந்தி எடுக்கிறான், பள்ளிக்கே போக மறுக்கிறான் என்றால் காட்டுங்கள். மகள் பள்ளி நாட்களில் மட்டும் வயிறு வலிக்கிறது என்றால், வீட்டுக்கு வெளியே யாரிடமும் பேசுவதே இல்லை என்றால், அவளைத்தான் முதலில் காட்ட வேண்டும், பதின்வயதில் இந்தப் பயம் இறுகிவிடக்கூடியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், பணம் கிடையாது. இரண்டு பிள்ளைகளில் யாராக இருந்தாலும், நன்றாகப் பழகிக்கொண்டிருந்த ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு திடீரென்று ஒதுங்க ஆரம்பித்தால், அதை வயதுப் பயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சொந்தமாக இருந்தாலும் சரி, "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று தள்ளாமல், அந்த ஆளோடு தனியே விடாமல், பிள்ளை என்ன சொல்கிறது என்று அன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள்.