ஆறு கிளி இருந்தும் சமச்சீர் கோடு ஏன் இல்லை?

"பொங்கலுக்கு வாசலில் 7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை வைத்து, ஆறு மூலையிலும் ஆறு கிளி போட்டோம். ஏழாவது படிக்கும் மகள் அதையே நோட்டில் வரைந்து, சமச்சீர் கோடுகள் 6 என்று எழுதினாள். தப்பு என்று வந்துவிட்டது. எப்படிப் புரியவைப்பது?" – ஒரு வாசகி, மந்தைவெளி

உங்கள் கிளிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் கிளிகளை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் பாருங்கள். 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளிகள், ஓர் அறுகோணம். மூலைக்கு மூலை போகும் கோடுகள் மூன்று. ஒவ்வொன்றும் ஏழு புள்ளிகள் வழியாகப் போகும். எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவே போகும் கோடுகள் மூன்று. இவை மூன்று புள்ளிகளை மட்டுமே தொடும். ஆக, வெறும் புள்ளிக்கு 6 சமச்சீர் கோடுகள் உண்டு. உங்கள் மகள் இதைத்தான் எண்ணியிருக்கிறாள்.

இப்போது கிளிகளை வையுங்கள். பெரும்பாலும் எல்லாக் கிளியும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே சுற்றில் பார்க்கும்படிதான் போடுவோம். அந்தத் தாளை எந்தக் கோட்டில் மடித்தாலும் ஒரு கிளியின் மூக்கு இன்னொன்றின் வாலில் போய் விழும். எனவே சமச்சீர் கோடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 60° சுழற்றினால் ஒவ்வொரு கிளியும் அடுத்ததன் இடத்தில் அச்சாகப் பொருந்தும். முழுச் சுற்றில் ஆறு முறை பொருந்துவதால் சுழல் சமச்சீர் வரிசை 6.

சரி, கிளிகளை இரண்டிரண்டாக முகம் பார்த்து உட்கார வைத்தால்? 60° சுழற்றினால் வலப்பக்கம் பார்த்த கிளியின் இடத்துக்கு இடப்பக்கம் பார்த்தது வந்துவிடும், பொருந்தாது. 120° சுழற்றினால்தான் பொருந்தும், வரிசை 3. ஆனால் இப்போது சமச்சீர் கோடுகள் 3 கிடைக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு முனையில் முகம் பார்க்கும் ஜோடியின் நடுவிலும், மறுமுனையில் முதுகு காட்டும் இரண்டு கிளிகளின் நடுவிலும் போகும். அதே புள்ளி, அதே ஆறு கிளி, விடை மட்டும் வேறு. இந்த இரண்டு கோலத்தையும் அவளையே அருகருகே வரையச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இல்லை.

சரிபார்க்க டிரேசிங் தாளில் ஒரு நகல் எடுத்து, நடுப்புள்ளியில் குண்டூசி குத்தி மெல்லச் சுழற்றட்டும். கோடுகளுக்குத் தாளை மடிப்பதே நல்லது. கண்ணாடி வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் அடிக்கடி ஏமாறுவார்கள். எந்தக் கோலத்தின் மேல் நிறுத்தினாலும் கண்ணாடிக்குள் தெரிவது சமச்சீராகத்தான் இருக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டு, அது மறைத்த பாதியும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் வண்ணம். ஆறு இதழுக்குச் சிவப்பு, மஞ்சள் என்று மாற்றி மாற்றிப் பொடி தூவினால், வண்ணத்தையும் சேர்த்துக் கணக்கிடும்போது வரிசை 6 என்பது 3 ஆகிவிடும். கேள்வியில் வண்ணம் கணக்கில் உண்டா இல்லையா என்று பார்த்துக்கொண்டு எழுதட்டும்.