சர்வ் வந்து சேர 0.57 நொடியா? பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பாளையங்கோட்டையில் டென்னிஸ் ஆடுகிறான். அவனோடு ஆடும் பெரிய பையன் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் சர்வ் போடுகிறான். "பந்து வந்து சேர 0.57 நொடிதான், உங்க பையனுக்கு ரியாக்‌ஷன் பயிற்சி பேக்கேஜ் கட்டாயம்" என்று ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். மகனோ அவ்வளவு அவசரம் இல்லை என்கிறான். கணக்கு சரியா?

பதில்: உங்கள் மகன் சொல்வதே சரி. பந்து அவனிடம் வர ஏறக்குறைய 0.8 நொடி ஆகும்.

அந்த ஆள் செய்த வகுத்தலில் பிழை இல்லை. கோர்ட்டின் நீளம் 78 அடி, அதாவது 23.77 மீட்டர். மணிக்கு 150 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 41.7 மீட்டர். வகுத்தால் 0.57 வரும். ஆனால் பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பும்போது மட்டும்தான் அதற்கு அந்த வேகம். ஸ்பீடு கன் பிடிப்பதும், டிவியில் காட்டுவதும் அந்த முதல் கண வேகத்தைத்தான். பந்தின் மேலுள்ள ரோமத்தைக் காற்று பிடித்து இழுப்பதால், சர்வீஸ் பாக்ஸில் விழும் முன்பே வேகம் 105 அளவுக்கு இறங்கிவிடும். தரையில் பட்டதும் இன்னொரு கால் பங்கு போய்விடும். உங்கள் மகனின் ராக்கெட்டுக்கு வரும்போது மிச்சம் இருப்பது எழுபது சொச்சம்தான், கிளம்பியதில் பாதிக்கும் குறைவு. தரையில் பட்டு எழும்பி வரும் அந்தக் கடைசி ஆறு மீட்டருக்கு மட்டுமே கால் நொடிக்கு மேல் செலவாகிறது.

இதையெல்லாம் ஞாபகத்தில் வைக்க வேண்டாம். 120-ஐ சர்வ் வேகத்தால் வகுங்கள், நொடி கிடைத்துவிடும். 150-க்கு 0.8. 200-க்கு 0.6. சாதாரண வகுத்தலில் வரும் விடையை 1.4-ஆல் பெருக்கினாலும் இதேதான்.

நிற்கும் இடத்தை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்னது பேஸ்லைன் மேலேயே நின்று அடிப்பவருக்கான கணக்கு. தரையில் பட்ட பந்து நொடிக்கு இருபது மீட்டர் மட்டில்தான் நகர்கிறது. அதனால் உங்கள் மகன் ஒரு மீட்டர் பின்னால் போனால் நொடியில் இருபதில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு மீட்டர் போனால் 0.1 நொடி கூடி, 0.8 என்பது 0.9 ஆகிவிடும். ஓரமாக விழும் சர்வுக்கு அவன் பக்கவாட்டில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும், அது வேறு. ஆனால் இந்த 0.1 நொடிக்கு ஒரு பைசா செலவில்லை, இரண்டு எட்டு பின்னால் வைத்தால் போதும். பேக்கேஜ் விற்பவர் இதைச் சொல்லமாட்டார், அவர் தொழில் போய்விடும் அல்லவா?

ஆடிக்காற்றைப் பற்றியும் கேட்பார்கள். நம் ஊரில் அது மேற்கிலிருந்து வருகிறது. கோர்ட்டுகளை வழக்கமாக வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள், அதனால் காற்று பந்தைப் பக்கவாட்டில் தள்ளுமே தவிர நேரம் பெரிதாக மாறாது.

அப்புறம் அந்த 150-ஐ எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். போன் ஆப் என்றால் எனக்குச் சந்தேகம்தான். பல ஆப்கள் பந்து தரையில் படும் வரையான தூரத்தை நேரத்தால் வகுத்துச் சராசரியைக் காட்டும். அப்படி வந்த 150-ம் ஸ்பீடு கன் காட்டும் 150-ம் ஒன்றல்ல. சராசரி 150 என்றால் கிளம்பும் வேகம் 180-ஐத் தாண்டும், அப்போது 0.8 என்று நானும் சொல்ல முடியாது. கன்னைப் பக்கத்தில் நின்று சாய்வாகப் பிடித்தால், பந்தின் பாதையோடு 20 டிகிரி கோணம் இருந்தாலே 150 என்பது 141-ஆகத் தெரியும். எங்கள் பக்கப் போட்டி ஒன்றில் நெட்டின் நடு உயரத்தை டேப் வைத்து அளக்கச் சொல்லியே ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இவர்களிடம் கோணத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஆகவே நீங்களே அளந்துவிடுங்கள். போனை கோர்ட்டுக்குப் பக்கவாட்டில், இரண்டு பேரும் தெரியும்படி வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். செட்டிங்ஸில் நொடிக்கு 240 பிரேம் என்று இருக்க வேண்டும், 120 ஆக இருந்தால் கீழே உள்ள கணக்கு பாதியாகிவிடும். அந்த வீடியோ எட்டு மடங்கு மெதுவாக ஓடும். பெரிய பையன் பந்தைத் தொட்ட கணத்திலிருந்து உங்கள் மகன் தொடும் கணம் வரை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ஆறரை நொடிக்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் மகன் சொன்னதுதான் சரி. நாலரைக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் அந்த 18,000 ரூபாய்க்காரரோடு பேச உட்காருங்கள்.