மாடியைத் தனி வீடாக்க: வெளிப்படிக்கட்டும் மீட்டரும்

"ஹாலுக்குள் இருக்கும் படியை மூடிவிட்டு, வெளியே படி வைத்து மாடியைத் தனி வீடாக்கலாமா? தளம் 10 அடி உயரம். பக்கத்தில் 7 அடி இடம் இருக்கிறது."

தாராளமாக ஆக்கலாம். 10 அடிக்கு 18 படி வைத்தால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்குள் நிற்கும். நேராக ஏறினால் 14 அடி நீளம் போகும். நடுவில் திரும்பினால் 10 அடி நீளம், ஆறரை அடி அகலத்தில் அடங்கிவிடும்.

படியைப் பழைய சன்ஷேடிலோ சுவரிலோ தொங்கவிடாதீர்கள், தயவுசெய்து. தனி அஸ்திவாரம், தனித் தூண்கள் போடுங்கள். புது அஸ்திவாரத்தின் கீழ் மண் கொஞ்சம் அமரும். படியை வீட்டோடு இறுகப் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் விழும். அங்கே சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பூச்சால் அடையுங்கள்.

மாடி வாசலை இருக்கும் ஜன்னலுக்குக் கீழே இடித்துத் திறப்பதே நல்லது. மேலே லிண்டல் ஏற்கெனவே இருக்கும். அகலத்தைக் கூட்ட வேண்டாம்.

அப்புறம் மாடிக்குத் தனி மின் மீட்டர். மெயினிலிருந்தே இரண்டு வீட்டு வயரிங்கையும் பிரிக்க வேண்டும், நியூட்ரல் உட்பட. சோதிக்க, கீழ் வீட்டு மெயினை அணையுங்கள். மாடியில் எதுவும் அணையக் கூடாது. நியூட்ரல் கலந்திருந்தால் கசிவுக் காப்பு சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

உள்படியை உடைக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். அதன் பீம் தளத்தையும் தாங்கலாம்.