ஆன்லைன் விளையாட்டில் களவுபோன பொருட்கள்: சப்போர்ட்டுக்கு எழுதும் மின்னஞ்சல்

"ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் இருக்கிறேன். 12ஆம் தேதி அதிகாலை 2.40க்கு யாரோ என் ஆன்லைன் விளையாட்டுக் கணக்கில் நுழைந்து, காசு கொடுத்து வாங்கிய வாளையும் கவசத்தையும் வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். சப்போர்ட்டுக்கு எப்படி எழுதுவது?"

முதலில் கடவுச்சொல்லை மாற்றி, மற்றக் கருவிகள் அனைத்தையும் கணக்கிலிருந்து வெளியேற்றிவிட்டு, பதிவு செய்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுங்கள். நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியிலும் குறிப்பிடுவது அவசியம். நீங்கள் சொல்லும் 2.40 யூடிசியில் 11ஆம் தேதி 21.10 ஆகிவிடுவதால், இந்திய நேரத்தை மட்டும் கொடுத்தால் அவர்கள் தவறான நாளின் பதிவுகளைத் தேடக்கூடும். வேறு ஊரிலிருந்து நுழைந்தார்கள் என்ற வாதத்தை அதிகம் நம்ப வேண்டாம். மொபைல் டேட்டாவில் மண்டபத்து இணைப்பே சென்னை என்று காட்டக்கூடும். உள்நுழைவு அறிவிப்பில் வந்த அந்நியக் கருவியின் பெயரே வலுவான சான்று.

மின்னஞ்சலின் மையப் பத்தி இப்படி அமையலாம்:

"11ஆம் தேதி 21.10 யூடிசிக்கு, நான் பயன்படுத்தாத கருவியிலிருந்து நுழைந்தவர், கீழ்க்காணும் இரு பொருட்களையும் வேறொரு கணக்கிற்கு மாற்றியுள்ளார். உள்நுழைவு அறிவிப்பையும் கொள்முதல் ரசீதையும் இணைத்துள்ளேன். பரிமாற்றப் பதிவைச் சரிபார்த்து, அவற்றை மீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கூகுள் பிளே ரசீதானால் GPA எனத் தொடங்கும் ஆர்டர் எண் தெளிவாகத் தெரியட்டும்; அட்டை எண்ணை மறைத்துவிடுங்கள். சில நிறுவனங்கள் பொருட்களை மீட்டுத் தருவதே இல்லை என்பதால், அவர்களின் விதிமுறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.