சரக்கைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தால் எது பற்று, எது வரவு?

"உரிமையாளர் 2,000 அடக்கவிலையுள்ள சரக்கை வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். விற்பனைக் கணக்கில் வரவு வைத்தால் தவறா?"

தவறுதான். எடுப்புகள் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு, இரண்டும் 2,000.

உரிமையாளரின் முதல் குறைகிறது, முதல் குறைந்தால் பற்று. அதை நேராக முதல் கணக்கில் கழிக்காமல், ஆண்டு முடியும்வரை எடுப்புகளில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். சரி, வரவு ஏன் கொள்முதலில்? வாங்கியபோது வியாபாரத்துக்கென்று கொள்முதலில் பற்று வைத்தோம். இப்போது அதில் ஒரு பகுதி வியாபாரத்துக்கு இல்லை, அதனால் அந்தப் பற்றைத் திருப்புகிறோம்.

விற்பனையில் 2,000 வரவு வைத்தால் மொத்த லாபம் மாறாது, ஆனால் விற்பனையும் கொள்முதலும் பொய்யாக வீங்கும். விற்பனை விலை 2,600-க்குப் பதிந்தால் இல்லாத லாபம் 600 சேரும். இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது, இரு பக்கமும் சமமாகவே நிற்கும்.